பிளவுஸ் கையை நீட்ட, கழுத்தை ஏற்ற: மூன்று வழிகளில் எது எங்கே பொருந்தும்?

மட்டக்களப்புப் பக்கம் வீட்டில் ஒருவர் காலமானால், 31ஆம் நாளுக்குள் சுவரில் மாட்ட ஒரு படமும் நினைவு மலருக்கு ஒரு படமும் தேவைப்படும். முகம் தெளிவாக விழுந்த படம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் எடுத்ததாகத்தான் இருக்கும். அதில் அம்மா கட்டைக் கை பிளவுஸ் போட்டிருப்பார், கழுத்தும் கொஞ்சம் இறக்கமாக வெட்டியிருக்கும். "அம்மா ஒரு நாளும் இப்படிப் போடுறவ இல்ல தம்பி, கையை முழங்கை வரைக்கும் இறக்கித் தாங்க" என்று பிள்ளைகள் கேட்பார்கள். காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கமிருந்து உம்மாவின் பழைய படத்தோடு வருகிறவர்கள் முழுக் கையும் மூடிய கழுத்தும் கேட்பார்கள்.

இந்த வேலைக்கு போட்டோஷாப்பில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. படத்தில் இருக்கும் துணியை Clone Stamp கொண்டு தோலின் மேல் பூசிக்கொண்டே போவது ஒன்று. இருக்கும் துணியைத் துண்டாக வெட்டி, நகர்த்தி, வளைத்துப் பொருத்துவது இரண்டாவது. அதே துணியைத் தனியாகப் படம் எடுத்து ஒட்டுவது மூன்றாவது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாப் படத்தையும் முடிக்கப் பார்ப்பதால்தான் பல படங்கள் கெட்டுப்போகின்றன. கைக்கும் கழுத்துக்கும் ஒரே வழி சரிவராது.

ஒரு படத்தை வைத்தே பார்ப்போம். கல்முனைக் குடும்பம் ஒன்றின் அம்மா. மருதமுனைக் கைத்தறித் துணியில் தைத்த மெரூன் நிற பிளவுஸ், குறுக்காக மெல்லிய பொன்னிறக் கோடுகள். வெளிச்சம் அவருடைய வலப்பக்க ஜன்னலிலிருந்து, அதாவது படத்தில் இடது பக்கமிருந்து வருகிறது. கை நேராகத் தொங்குகிறது. பிளவுஸ் கை தோளுக்குக் கீழே நான்கு விரலளவில் முடிகிறது. அதை முழங்கைக்குச் சற்று மேல் வரை கொண்டுவர வேண்டும், கழுத்தையும் ஓரங்குலம் ஏற்ற வேண்டும்.

முதலில் Clone Stamp. எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான், கோடும் பூவும் இல்லாத வெற்றுப் பருத்தித் துணியாக இருந்தால் போதுமானதும்கூட. ஆனால் கோடு போட்ட துணியில் இது உடனே காட்டிக்கொடுக்கும். மேலே இருந்த ஒரு சுருக்கம் கீழே மறுபடி வரும், கொஞ்சம் தள்ளி மூன்றாவது தடவையும் வரும். மென்மையான பிரஷ் ஓரங்களில் நூலின் நெய்வு மங்கிப்போய், புதிய துணி மெழுகு பூசியது போலத் தெரியும். Clone Source பலகையில் எடுக்கும் துணியைச் சாய்க்கவும் பெருப்பிக்கவும் வசதி இருக்கிறது, கையின் சாய்வுக்கு ஏற்றபடி கோட்டைத் திருப்ப அது உதவும். அப்படிச் செய்தாலும் கோடு வளைந்து கையைச் சுற்றிப் போவதை அதனால் தர முடியாது. ஆகவே இதை மூட்டு மறைக்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது: தனி லேயரில், சிறிய பிரஷில், இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் மட்டும்.

கைக்கு என் தேர்வு இரண்டாவது வழி. பிளவுஸ் கையின் கீழ் விளிம்பைப் புதிதாக உருவாக்கத் தேவையே இல்லை, அது படத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மடித்துத் தைத்த தையல், துணியின் தடிப்பு, ஓரத்தில் விழும் மெல்லிய வெளிச்சம் எல்லாம் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. கையால் வரைந்து அவற்றைக் கொண்டுவருவது மிகக் கடினம். எனவே விளிம்போடு சேர்த்து ஒரு பட்டையை Lasso கொண்டு வெட்டி, புதிய லேயராக்கி, கைவழியே கீழே இறக்குங்கள். நடுவில் விழும் இடைவெளியைத்தான் துணியால் நிரப்ப வேண்டும்.

எவ்வளவு இறக்குவது என்பதைத் துணியின் கோட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இந்தப் படத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 30 பிக்சல். இடைவெளியை 180 பிக்சலாக வைத்தால் சரியாக ஆறு கோடுகள் அதில் அடங்கும். மேலேயிருந்து ஆறு கோடுள்ள துண்டை எடுத்து வைத்தால் இரண்டு முனையிலும் கோட்டின் ஒழுங்கு குழம்பாது. 170 என்று வைத்திருந்தால் ஓரிடத்தில் இரண்டு கோடுகள் நெருங்கிப்போகும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண் அங்கேயே போய் நிற்கும். இருக்கும் துணியை இழுத்து நீட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கோடு கைவழியே நீளவாட்டில் ஓடும் துணியானால் அந்தத் திசையில் ஓரளவு இழுத்தாலும் தெரியாது. குறுக்குக் கோடானால் 30 பிக்சல் இடைவெளி 38 ஆகும்போதே மேல் துணியும் கீழ் துணியும் வேறு வேறாகத் தெரியத் தொடங்கிவிடும்.

மறுகா, வளைவு. கமரா முக உயரத்தில் இருந்தால் கையைச் சுற்றிப் போகும் கோடுகள் நடுவில் கீழ்நோக்கித் தொய்ந்து தெரியும். கீழே போகப் போக அந்தத் தொய்வு கொஞ்சம் கூடும். ஆகவே இறக்கிய விளிம்பை Warp மூலம் நடுவில் சிறிதளவு கீழே இழுக்க வேண்டும். அதோடு துணி தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்காது. கையின் வெளிக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சில பிக்சல் வெளியே வர வேண்டும், தோளிலிருந்து வரும் அகலத்தின் போக்கிலேயே. தோலின் கோட்டுக்குள் அடங்கிய பிளவுஸ் கை, கைக்கு வர்ணம் அடித்தது போல இருக்கும். படங்களில் நான் அதிகம் காணும் பிழை இதுதான்.

இனி வெளிச்சம். மேலேயிருந்து எடுத்த துண்டு தோளின் வெளிச்சத்தோடு வரும், கீழே கை உருண்டிருக்கும் விதம் வேறு. இங்கே கீழே மறைந்துகிடக்கும் தோலே உதவுகிறது. கையின் தோல் பகுதியை நகலெடுத்து, நிறத்தை நீக்கி, Levels மூலம் நடுத்தர சாம்பல் அளவுக்குக் கொண்டுவந்து, Gaussian Blur கொடுத்து, துணி லேயரின் மேல் Soft Light முறையில் வையுங்கள். நரம்பும் மச்சமும் மறையும் அளவுக்கு மங்கலாக்கினால் போதும். கையின் ஒளியும் நிழலும் துணியில் இறங்கிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய விளிம்பின் நிழல் அந்தத் தோலில் ஒரு கரும்பட்டையாக விழுந்திருக்கும். அதை முதலில் Healing Brush கொண்டு எடுக்காமல் நகலெடுத்தால், புதிய துணியின் நடுவே காரணமில்லாத ஒரு இருண்ட வளையம் வந்துவிடும். அழிக்க முன் அந்த நிழலின் நிறத்தை மட்டும் Eyedropper கொண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய விளிம்புக்குக் கீழே தோலில் போட வேண்டிய நிழலுக்கு அதே செம்பழுப்பு வேண்டும். Multiply லேயரில், விளிம்போடு ஒட்டிய இடத்தில் அடர்த்தியாகவும் கீழே தேய்ந்தும், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் சற்று அகலமாகவும் போட வேண்டும். கறுப்பை எடுத்துப் போட்டால் தோல் அழுக்காகத் தெரியும்.

கழுத்துக்கு வருவோம். கையில் நன்றாக வேலை செய்த அதே முறை இங்கே பிழைக்கும். கழுத்து விளிம்பை மேலே நகர்த்தலாம், ஆனால் மேலே போகும்போது அந்த வளைவு சிறுக்க வேண்டும், கழுத்தை நெருங்க நெருங்கச் சுற்றளவு குறைகிறது அல்லவா? பழைய அளவிலேயே ஏற்றினால் விளிம்பு தோளுக்கு வெளியே போய் நிற்கும். சுருக்கினால் குறுக்கே ஓடும் பைப்பிங் தையலும் மெலிந்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் நிழல். கையில் தோலின் நிழலைத் துணிக்குக் கொடுத்தோம், கழுத்தில் அதைச் செய்யக்கூடாது. காறை எலும்புகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் துணி இறங்காது, எலும்பிலிருந்து எலும்புக்குப் பாலம் போட்டது போல நிற்கும். பள்ளத்தின் நிழலைத் துணியில் கொண்டுவந்தால் ஈரத் துணி ஒட்டியது போல ஆகி, மூடச் சொன்ன இடத்தையே அது இன்னும் எடுத்துக் காட்டும்.

அதனால் கழுத்துக்கு மூன்றாவது வழியே நல்லது. அந்த பிளவுஸோ, அதே துணியில் மிச்சமோ பெரும்பாலும் வீட்டு அலுமாரியில் இருக்கும், கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். உடல்வாகு ஒத்த ஒருவர் அந்தத் துணியைக் கழுத்துவரை போர்த்தி, அதே பக்கமிருந்து ஜன்னல் வெளிச்சம் விழும்படி நிற்க வேண்டும். பழைய படத்தில் கமரா இருந்த உயரமும் தூரமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பிளாஷ் வேண்டாம். எலும்புகளுக்கு மேல் துணி எப்படி நிற்கிறது, விளிம்பு எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் அப்போது தானாகவே படத்தில் விழுந்துவிடும்.

இந்த வழியில் பிடிபடுவது இரண்டு இடத்தில். முதலாவது கூர்மை. புதிதாக எடுத்த துணி பழைய போன் படத்தைவிடத் தெளிவாக இருக்கும். முதலில் அதைப் பழைய படத்தின் அளவுக்குச் சுருக்கி, அரை முதல் ஒரு பிக்சல் வரை மங்கலாக்கி, பழைய படத்தின் புள்ளி அளவுக்கு Add Noise கொடுக்க வேண்டும். நிறத்தை Curves மூலம் சரிசெய்யும்போது பழைய பிளவுஸின் வெளிச்சப் பகுதியையும் நிழல் பகுதியையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும், நடுநிறம் மட்டும் ஒத்தால் போதாது. இரண்டாவது தாலிக்கொடி. பழைய படத்தில் அது தோலின் மேல் கிடந்தது, இப்போது துணியின் மேல் கிடக்க வேண்டும். கொடியைப் Pen Tool கொண்டு தனியாக வெட்டி எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, துணியின் மேல் அதற்கு மெல்லிய புதிய நிழல் போட வேண்டும். பொன்னுக்குள் மின்னும் தோலின் நிறம் கொஞ்சம் அப்படியே இருந்தாலும் பரவாயில்லை, நிழல் இல்லாவிட்டால்தான் கொடி மிதக்கும்.

கைக்கும் இதே மூன்றாவது வழியைப் பயன்படுத்தலாமே என்றால், பயன்படுத்தலாம். முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை முழுக் கை கேட்டால் அதுதான் ஒரே வழியும்கூட. முழங்கை மடியும் இடத்தில் விழும் சுருக்கங்களை மேல்கைத் துணியிலிருந்து உண்டாக்க முடியாது. மூன்று நான்கு அங்குலம் இறக்குவதற்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சொந்தத் துணியே நிறத்திலும் கூர்மையிலும் தானாகப் பொருந்துகிறது, நேரமும் மிச்சம்.

முடிந்தபின் படத்தை 25 வீத அளவில் வைத்துப் பார்த்து, Flip Horizontal செய்து இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் மேலே ஒரு Curves லேயர் போட்டு அதைச் செங்குத்தான S ஆக வளைத்தால், மூட்டுகளும் மெழுகுத் திட்டுகளும் பளிச்சென்று தெரியும். திருத்தியதும் அந்த லேயரை எடுத்துவிடலாம். 12க்கு 18 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் அச்சிட 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அதன் அரைவாசிகூட இருக்காது. மூலப் படத்தை டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், படத்தைப் பெருப்பிக்க முன்பே திருத்த வேலையை முடியுங்கள்.

மூன்று வழியாலும் முடியாத படமும் உண்டு. கையே இல்லாத பிளவுஸ், கையை மார்போடு கட்டிய நிலை, தோளில் வேறொருவர் கை போட்டது, தோல் தெரியும் மெல்லிய துணி: இவற்றில் நகர்த்த விளிம்பும் இல்லை, நம்பிப் பின்பற்ற வெளிக்கோடும் இல்லை. அப்போது வேறு படம் கேட்பேன். அதுவும் இல்லையென்றால் சாறியின் முந்தானையைத் தனியாகப் படம் எடுத்து, இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியது போல வைத்து, படத்தை மார்புக்கு மேலேயே வெட்டிக் கொடுக்கலாம்.