‘பணம் போயிடுச்சு’ என்றால் பாட் என்ன செய்ய வேண்டும்? மனிதரிடம் மாற்றும் வழிகள், ஓர் ஒப்பீடு

வங்கி ஆப்பில் இருக்கும் உதவி சாட்பாட்டில் இரவு 9.40 மணிக்கு ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “என் அக்கவுண்ட்ல இருந்து 18,400 ரூபா பணம் போயிடுச்சு.”

தமிழில் இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. யுபிஐயில் அனுப்பிய பணம் கணக்கில் கழிந்து, போய்ச்சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் இருக்கலாம். அல்லது அவருக்குத் தெரியாமல் யாரோ எடுத்திருக்கலாம். முதலாவது என்றால் பெரும்பாலும் காத்திருந்தாலே போதும். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதிப்படி, இன்னொருவருக்கு அனுப்பிய பணம் சேரவில்லையென்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாளுக்குள். இரண்டாவது என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இதை மனதில் வைத்து, பாட் எப்போது மனிதரிடம் கைமாற்ற வேண்டும் என்பதற்குப் புழக்கத்தில் உள்ள மூன்று வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, பாட் குழம்பும்போது மாற்றுவது. வாடிக்கையாளர் எழுதியதை ஒரு தலைப்பில் பொருத்தி, அந்தப் பொருத்தத்துக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் போடும். அது 0.6 போன்ற ஒரு வரம்புக்குக் கீழே போனால், அல்லது இரண்டு மூன்று முறை “புரியவில்லை” என்று சொல்ல நேர்ந்தால், மனிதரிடம் அனுப்பும். அமைப்பது எளிது, அதனால்தான் அதிகமாகக் காண்கிறோம். ஆனால் நம் உதாரணத்தில் இது எப்படி உடைகிறது என்று பாருங்கள். “பணம் போயிடுச்சு” என்பது ‘தோல்வியடைந்த பரிவர்த்தனை’ என்ற தலைப்பில் 0.87 மதிப்பெண்ணோடு பொருந்துகிறது என்று கொள்வோம். பாட்டுக்குக் குழப்பமே இல்லை. “கவலைப்பட வேண்டாம், ஐந்து நாளில் பணம் திரும்பும்” என்று தெளிவாகப் பதில் சொல்லிவிடும். உரையாடல் ‘தீர்ந்தது’ என்று கணக்கிலும் ஏறும்.

பணத்தை உண்மையில் யாரோ எடுத்திருந்தால், இங்கே கைவிடப்பட்டவர் இழப்பது வெறும் ஐந்து நாள் இல்லை. வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறில்லாத மோசடியில், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் அவர் இழப்பைச் சுமக்க வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொன்னது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை அவரும் சுமக்க வேண்டும் என்றது. அதாவது, பாட்டின் அந்த ஆறுதல் வார்த்தையே அவரைப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே தள்ளிவிடலாம். தலைப்பு எது என்பதில் பாட் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதுதான் அந்த மதிப்பெண். பதில் தவறானால் என்ன ஆகும் என்பது அதற்குள் இல்லவே இல்லை.

இரண்டாவது வழி, விஷயத்தைப் பார்த்து மாற்றுவது. மோசடி, மரணம், சட்ட நோட்டீஸ் போன்ற சில விஷயங்களை முன்கூட்டியே குறித்துவைத்து, மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பாட் தானாக முடிவு சொல்லாமல் மனிதரிடம் கொடுத்துவிடும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியை இழந்த ஒரு பயணிக்கு, துக்கக் காலக் கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று நிறுவனத்தின் பாட் சொன்னது. உண்மை விதி அப்படி இல்லை. தன் பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்ற நிறுவனத்தின் வாதத்தை பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை; சுமார் 650 கனடிய டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அந்த பாட் குழம்பி நிற்கவில்லை. அதன் முடிவுக்கு விட்டிருக்கக் கூடாத ஒரு விஷயத்தில் தயங்காமல் பதில் சொன்னது.

இதற்கும் ஒரு குறை உண்டு. வெறும் சொல்லை வைத்துப் பிடித்தால், “மோசடி பத்தி எஸ்.எம்.எஸ். வந்துச்சு, நீங்க அனுப்பினதா?” என்று கேட்பவரும் அதே வரிசையில் போய் நிற்பார். உண்மையிலேயே பணத்தை இழந்தவர் அவருக்குப் பின்னால் நிற்பார். ஊழியர்கள் ஒரு நிமிடத்தில் ஒரு இணைப்பைக் கொடுத்து முடிக்கும் உரையாடல்கள் பெருகினால் வலை அகலமாகிவிட்டது என்று பொருள். அதற்கு மருந்து ஒரே ஒரு கேள்வி: “இந்தப் பணத்தை அனுப்பியது நீங்களா?” ஆம், இல்லை, தெரியவில்லை என்று மூன்று பொத்தான்கள். ‘இல்லை’யும் ‘தெரியவில்லை’யும் நேரே மோசடிப் பிரிவுக்கு. ‘ஆம்’ என்றாலும், யாரோ ஏமாற்றி அனுப்ப வைத்தார்களா என்று இன்னொரு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வழி, வாடிக்கையாளர் கேட்டால் மாற்றுவது. இதைத் தனி வழியாக எண்ணாமல், மற்ற இரண்டோடும் எப்போதும் இருக்க வேண்டிய கதவாகவே பார்க்கிறேன். “ஆள்கிட்ட பேசணும்” என்று முதல் முறை சொன்னதுமே திறக்க வேண்டும். எதைப் பற்றி என்று ஒரு வரி கேட்கலாம். பதில் வராவிட்டாலும் அனுப்பிவிட வேண்டும்.

என் தேர்வு இரண்டாவதுதான். முதலாவதை அதற்கு அடியில் வலையாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, மாற்றுவது என்று முடிவானபின் பாட் எப்படி மறுக்கிறது? “மன்னிக்கவும், இந்தக் கோரிக்கையில் உதவ இயலாது” என்பது ஒரு வகை. படிப்பவருக்கு வங்கியே கைவிரித்ததுபோல் இருக்கும். இதோ இன்னொரு வகை: “பணத்தை மீட்டுத் தரும் அதிகாரம் எனக்கு இல்லை. மோசடிப் பிரிவு ஊழியரிடம் இப்போதே மாற்றுகிறேன். அதுவரை, கீழே உள்ள பொத்தானை அழுத்தி யுபிஐயையும் கார்டையும் முடக்குங்கள். சைபர் மோசடி உதவி எண்ணான 1930-லும் புகார் செய்யுங்கள்.” எது முடியாது, யார் செய்வார், காத்திருக்கும்போது என்ன செய்யலாம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. மன்னிப்பு இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கைமாற்றும்போது ஊழியருக்கு எதைக் கொடுப்பது என்பதிலும் இரண்டு கருத்துகள் உண்டு. முழு உரையாடலையும் அப்படியே அனுப்பலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேரோடு பேசும் ஊழியர் அதைப் படிக்க மாட்டார், “சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?” என்றுதான் தொடங்குவார். நடுங்கும் கையோடு ஒருமுறை எழுதியவரை மறுபடியும் எழுத வைப்பது கொடுமை. சுருக்கக் குறிப்பு அனுப்புவது மேல். அதில் உள்ள ஆபத்து, பாட் தன் ஊகத்தை உண்மைபோல் எழுதிவிடுவது. அதனால் வாடிக்கையாளரின் சொல் மாறாமல் இருக்க வேண்டும். கணக்கில் சரிபார்த்ததும் அவர் சொன்னதும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

```json
{
  "customer_said": "18,400 ரூபா பணம் போயிடுச்சு",
  "sent_by_customer": "இல்லை",
  "verified": "21:12, யுபிஐ, ₹18,400 பற்று",
  "done": "யுபிஐ முடக்கப்பட்டது",
  "reported_at": "21:40"
}
```

இதையே எளிய தமிழில் வாடிக்கையாளருக்கும் காட்டி, “சரிதானா?” என்று கேட்டு அனுப்பினால் தவறு அங்கேயே பிடிபடும்.

குறிப்பின் கடைசி வரியான reported_at, அதாவது புகார் வந்த நேரத்தை, விட்டுவிடாதீர்கள். இரவில் ஊழியர் இல்லையென்றால், “காத்திருங்கள்” என்று சுழலும் வட்டத்தைக் காட்டுவதைவிட, காலையில் எத்தனை மணிக்கு அழைப்பு வரும் என்று சொல்லி, புகார் எண்ணை அப்போதே தருவது நல்லது. புகார் கிடைத்ததற்கான பதிலும் பதிவு எண்ணும் உடனே போக வேண்டும் என்று அதே 2017 சுற்றறிக்கை சொன்னது. ஊழியர் காலை எட்டு மணிக்குத் திறந்து பார்த்தாலும் புகார் நேரம் 21:40 என்றே நிற்க வேண்டும்; எட்டு மணி என்று பதிவாகும் அமைப்புகளில் அவருடைய ஒரு நாள் காணாமல் போகலாம்.

வழி சரியாக அமைந்ததா என்று பார்க்க, மனிதரிடம் போகாமல் பாட் முடித்த உரையாடல்களின் விகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். நம் ஐந்து நாள் பதிலும் அதில் வெற்றியாகத்தான் எண்ணப்படும். ‘தீர்ந்தது’ என்று மூடியவர்களில் எத்தனை பேர் ஏழு நாளுக்குள் அதே தொகையைப் பற்றித் தொலைபேசியிலோ கிளையிலோ மறுபடியும் கேட்டார்கள் என்று எண்ணுங்கள். அவர்கள் முதலில் எழுதிய வாக்கியங்களை எடுத்துப் படியுங்கள். குறித்துவைத்த விஷயப் பட்டியலில் அடுத்து எதைச் சேர்க்க வேண்டும் என்பது அங்கேயே இருக்கும்.