மனநிலை வரைகோடா, திருப்பப் பதிவா?

நீண்ட வாடிக்கையாளர் அழைப்பொன்றில் மனநிலை எங்கே மாறியது என்று எழுத இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, உரையாடலை முப்பது நொடித் துண்டுகளாக வெட்டி, சொற்களைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு வரைகோடு போடுவது. மற்றொன்று, ஒருவர் முழுவதையும் கேட்டு, திருப்பங்களை மட்டும் நேரத்துடன் குறித்து வைப்பது.

கட்டணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டதாக வந்த 38 நிமிட அழைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு நிமிடங்கள் வாடிக்கையாளர் நடந்ததை நிதானமாக விவரிக்கிறார். 06:10-இல், இரண்டு நிமிடம் காத்திருங்கள் என்று சொல்லப்பட்ட காத்திருப்பு 13:40 வரை நீள்கிறது. அடுத்து வந்த முகவர் 14:20-இல் கணக்கு எண்ணை மறுபடியும் கேட்கிறார். "இதை முன்பே ஒருவரிடம் சொல்லிவிட்டேன்" என்கிறார் வாடிக்கையாளர். அதன் பிறகு அவரிடமிருந்து வருவதெல்லாம் "ம்", "சரி", "சொல்லுங்கள்" மட்டுமே. 27:05-இல் பணம் திரும்பும் தேதியும் புகார் எண்ணும் கிடைத்த பின்னர்தான் அவர் மீண்டும் முழு வாக்கியங்களில் பேசி, கேள்விகளும் கேட்கிறார்.

இந்த அழைப்பில் வரைகோடு ஏறத்தாழ தலைகீழாக விழுகிறது. "தவறு", "புகார்", "இரண்டு முறை பிடித்துவிட்டார்கள்" போன்ற சொற்கள் நிறைந்திருப்பதால், அமைதியான முதல் ஆறு நிமிடங்கள் மிகத் தாழ்ந்த மதிப்பெண் பெறுகின்றன. அவர் உண்மையில் ஒதுங்கிப்போன பதின்மூன்று நிமிடங்களோ, எதிர்மறைச் சொல் எதுவும் இல்லாததால், நடுநிலை என்று பதிவாகின்றன. இரு குரல்களும் ஒரே தடத்தில் பதிவாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: முகவர் சொன்ன "மன்னிக்கவும்" கூட வாடிக்கையாளரின் கணக்கில் ஏறிவிடும்.

திருப்பப் பதிவு இந்தப் பிழையைத் தவிர்க்கிறது, ஆனால் அதற்கும் ஒரு கட்டுப்பாடு தேவை. பேச்சின் நீளம், குரலின் உயரம், இடைமறிப்பு, மௌனம் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு மாறி, அவர் அடுத்து பேசும் சில முறைகளிலும் அம்மாற்றம் நீடித்தால் மட்டுமே அதைத் திருப்பமாகக் கொள்வது என் வழக்கம். ஒரு பெருமூச்சு திருப்பமாகாது.

நேரச் செலவுதான் இதன் குறை. 38 நிமிட அழைப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். எனவே ஆயிரக்கணக்கான அழைப்புகளிலிருந்து எதைக் கேட்பது என்று பொறுக்க மதிப்பெண் போதும்; அங்கும் சொற்களைவிட வாடிக்கையாளரின் பதில் நீளத்தை அளப்பதே மேல் என்பது என் கருத்து. தனியொரு அழைப்பைப் பற்றிய அறிக்கைக்குத் திருப்பப் பதிவையே தேர்ந்தெடுப்பேன்.

எழுதும்போது, "எரிச்சலடைந்தார்" என்பது ஊகம், "14:20-இல் கணக்கு எண் மறுபடி கேட்கப்பட்டது, அதன் பின் 27:05 வரை பதில்கள் ஓரிரு சொற்களில் அமைந்தன" என்பது பதிவு. "கேட்டதால்" என்று எழுதாமல் "கேட்ட பின்" என்று எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான்: அவரைச் சோர்வடையச் செய்தது அந்தக் கேள்வியா, அதற்கு முந்தைய ஏழரை நிமிடக் காத்திருப்பா என்பதை ஒலிப்பதிவு சொல்வதில்லை.