தலைப்பு மாற்றிக் கேட்பதா, எண்ணிக்கையைக் குறைத்துக் கேட்பதா?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் 40 கழிப்பறை, ஒன்றுக்கு 25,000 ரூபாய், மொத்தம் பத்து லட்சம் என்று நிதி தரும் அமைப்பு உங்கள் தொண்டு நிறுவனத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை தொடங்கும்போது செங்கல், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் ஏறி, ஒன்றுக்கு 31,000 ஆகிறது. துண்டு விழுவது 2,40,000.

இப்போது இரண்டு விதமாகக் கடிதம் எழுதலாம். பட்ஜெட்டின் வேறு செலவுத் தலைப்பிலிருந்து பணத்தைக் கழிப்பறைக்கு நகர்த்தக் கேட்கலாம். அல்லது அதே பத்து லட்சத்தில் 32 கழிப்பறை மட்டும் கட்ட அனுமதி கேட்கலாம்.

இரண்டாவது எளிது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், பட்ஜெட்டைத் தொட வேண்டியதில்லையே என்று. ஆனால் 40 என்பது ஒப்பந்தத்தில் உள்ள இலக்கு. அதைக் குறைத்தால் பெரும்பாலும் ஒப்பந்தத்தையே திருத்த வேண்டியிருக்கும். ஊரில் அதைவிடச் சங்கடம்: குழி தோண்டிப் பலகை போட்டு மூடிவைத்திருக்கும் எட்டு வீட்டுக்காரர்களிடம் யார் போய்ச் சொல்வது?

அதனால் நான் முதல் வழியின் பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை: எடுக்கும் பணம் நிஜமாகவே மிஞ்சியிருக்க வேண்டும். “பயிற்சித் தலைப்பிலிருந்து 1,20,000 மாற்றுகிறோம்” என்று மட்டும் எழுதினால், பயிற்சியை வெட்டிவிட்டார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். “பத்துப் பயிற்சியும் ஊராட்சிக் கட்டடத்தில் நடப்பதால் மண்டபத்துக்கும் வண்டிக்கும் ஒதுக்கிய 12,000 வீதம் மிச்சம்” என்றால் கேள்வியே வராது. மீதி 1,20,000, களப்பணியாளர் பணியிடம் நான்கு மாதம் காலியாக இருந்ததில் மிஞ்சிய சம்பளம். மாதம், தொகை இரண்டையும் எழுதுங்கள்.

சதவீதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானிய ஒப்பந்தங்களில், முதன்மைத் தலைப்புகளுக்கு இடையே, அந்தந்தத் தலைப்பின் ஒதுக்கீட்டில் 25 சதவீதம் வரை நகர்த்தினால் தகவல் சொன்னால் போதும். நம் கணக்கில் கழிப்பறைத் தலைப்பு 24 சதவீதம்தான் ஏறுகிறது, அப்பாடா என்று இருக்கும். ஆனால் பணத்தை எடுக்கும் தலைப்புக்கும் அதே அளவுகோல். பயிற்சியின் மொத்த ஒதுக்கீடு மூன்று லட்சம் என்றால், 1,20,000 எடுப்பது 40 சதவீதம். அது தனி முதன்மைத் தலைப்பாக இருந்தால் முன் அனுமதி இல்லாமல் முடியாது.

கடிதத்தோடு ஒரே அட்டவணை போதும்: ஒப்புதல் பெற்றது, இதுவரை செலவு, மாற்றம், புதிய தொகை. மாற்றம் என்ற பத்தியின் கூட்டுத்தொகை பூஜ்யம் வர வேண்டும். கூடவே பழைய கொட்டேஷன், புதிய கொட்டேஷன், இரண்டிலும் தேதி தெரியும்படி. “விலைவாசி ஏறிவிட்டது” என்ற பொது வாக்கியத்தை அந்தத் தேதிகள் மிச்சப்படுத்திவிடும். பதில் வருவதற்கு முன் கம்பி வாங்கிவிடாதீர்கள். செலவழித்த பிறகு கேட்கும் அனுமதியைத் தணிக்கையாளர் ஏற்காமல் அந்தத் தொகையைத் தள்ளிவிட்டால், அது உங்கள் கையிலிருந்துதான் போகும்.

மிச்சமே இல்லையென்றால்? அப்போது 32தான் நேர்மை. மிச்சம் இருந்தாலும் முதல் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: “செப்டம்பர் 15க்குள் முடிவு தெரிந்தால் மழைக்கு முன் 40ஐயும் முடிப்போம், இயலாவிட்டால் 32 கட்ட ஒப்புதல் தாருங்கள்.”