பெட்டி உடைந்து வந்தால் ஒரு தாள் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்

நான் செய்த முட்டாள்தனத்தை எழுதுகிறேன். விமான நிறுவனத்தின் பெயரைப் போடப் போவதில்லை. என்னிடம் சொன்னதை எந்தக் கவுண்டரிலும் யாரிடமும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு, பன்னாட்டு விமானம், நடுவில் ஒரு இடத்தில் மாறி வந்தோம். பெல்ட்டில் எங்கள் பெட்டி சாய்ந்தபடியே வந்தது. தூக்கி நிறுத்தினால் நிற்கவில்லை. நான்கு சக்கரங்களில் ஒன்று, அது பொருந்தியிருந்த மூலையையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அந்த ஓட்டை வழியே கோட்டின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. என் மகன் அங்கேயே நின்று இரண்டு படம் எடுத்தான், ஒன்றில் பின்னால் விமான எண் ஓடும் திரையும் விழுந்திருந்தது. திட்டம் போட்டு எடுத்ததில்லை, நண்பனுக்கு அனுப்பிச் சிரிக்க எடுத்தது.

பெல்ட் இருக்கும் ஹாலுக்குள்ளேயே, சுங்கச் சோதனைக்கு முன்னால், லக்கேஜ் புகார் கவுண்டர் இருந்தது. வரிசையில் பத்துப் பேர். எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "மேடம், சக்கரம், கைப்பிடி எல்லாம் எங்கள் பொறுப்பில் வராது. அப்படியும் வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய் ஆன்லைனில் போடுங்கள். இங்கே காத்திருக்கத் தேவையில்லை." மரியாதையாகத்தான் சொன்னார். நள்ளிரவு, தூக்கம், வெளியே வண்டி காத்திருக்கிறது. வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை ஆன்லைன் படிவத்தைத் திறந்தால் முதல் கட்டத்திலேயே பி.ஐ.ஆர். எண் கேட்கிறது. சாமான் சேதமானாலோ வராமல் போனாலோ அந்தக் கவுண்டரில் எழுதித் தரும் அறிக்கைதான் பி.ஐ.ஆர். அதன் எண்ணில் விமான நிலையத்துக்கான மூன்று எழுத்து, நிறுவனத்துக்கான இரண்டு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம் இருக்கும். அது இல்லாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. செவ்வாய் அழைப்பு மையத்தில் கேட்டால் விமான நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். புதன் அங்கே போனால், வெளியே போன பயணி திரும்ப அந்த ஹாலுக்குள் வர முடியாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருக்கும் கவுண்டருக்கு போன் செய்து பேசியதில், "நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்களே, அது எங்கே உடைந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற பதில். அன்று அனுப்பி வைத்தவர்களே இன்று இப்படிக் கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையை உட்கார்ந்து படித்தேன். பன்னாட்டுப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் சட்டம். சேதத்தைப் பற்றிய புகார் எழுத்தில் போக வேண்டும், பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாளுக்குள். வேலை நாள் கணக்கல்ல, சனி ஞாயிறு எல்லாம் சேரும். 7 நாள் தாண்டினால் வழக்குப் போடவும் வழியில்லை, நிறுவனம் மோசடி செய்திருந்தால் தவிர. புகார் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டால் அது நல்ல நிலையில்தான் தரப்பட்டது என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது நம் தலையில் விழும். ஹாலை விட்டு வெளியே வந்ததால் உரிமை செத்துவிடவில்லை, ஆனால் நிரூபிக்கும் சுமை நம்மிடம் வந்துவிடுகிறது.

கவுண்டரில் அறிக்கை வாங்கியவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பி.ஐ.ஆர். எழுதியாயிற்று, இனி அவர்களே கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். சில நிறுவனங்கள் அதை வெறும் பதிவாகத்தான் பார்க்கும், இழப்பீட்டுக் கோரிக்கை தனியாகப் போக வேண்டும். இரண்டையும் 7 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

நான் சனிக்கிழமை, ஆறாவது நாள், மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். போர்டிங் பாஸ், பெட்டி டேக்கின் துண்டு, பெல்ட் பக்கத்தில் எடுத்த படம், எல்லாம் சேர்த்து. கிளம்பும் முன் எடை பார்க்கும்போது பெட்டி நான்கு சக்கரத்தில் நிற்கும் படம் ஒன்றும் குடும்பக் குழுவில் கிடந்தது, அதையும் சேர்த்தேன். இரண்டு நிறுவன விமானங்களில் வந்ததால் கடைசியாகக் கொண்டுவந்த நிறுவனத்துக்கே எழுதினேன். அவர்கள் முதல் நிறுவனத்தைக் கைகாட்டினார்கள். உடன்படிக்கைப்படி முதலில் ஏற்றியவர், கடைசியில் இறக்கியவர், சேதம் யார் கையில் நடந்ததோ அவர் என்று மூவரையும் கேட்கலாம் என்று பதில் எழுதிய பிறகு அந்தப் பேச்சு நின்றது.

அடுத்து சக்கரம். உடன்படிக்கையில் சக்கரத்துக்கு விலக்கு என்று எதுவும் இல்லை. பெட்டியிலேயே இருந்த குறையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்குப் பொறுப்பில்லை, அவ்வளவுதான். கீறல், அழுக்கு, சின்ன நசுங்கலை வழக்கமான தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் ஓடு கிழிய மூலையோடு பிய்ந்து வருவது தேய்மானம் ஆகாது. சக்கரம், கைப்பிடி சேதத்தை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2015-இல் நிறுவனங்களுக்கு நினைவூட்ட வேண்டி வந்தது, அந்த அளவுக்கு இது பழகிப்போன சாக்கு. (செக்-இன்னில் "ஏற்கெனவே சேதம்" என்ற பொருளில் ஒரு டேக்கில் கையெழுத்துக் கேட்டால் எதில் குறியிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பிறகு அதையே எடுத்து நீட்டுவார்கள்.)

எவ்வளவு கிடைக்கும்? உச்ச வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., 2024 டிசம்பர் கடைசியிலிருந்து. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியம் வைத்திருக்கும் கணக்கு அலகு, அன்றைய மதிப்பில் மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது வரம்புதான், தருகிற தொகை அல்ல. முதலில் பழுது பார்க்க முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாது என்றால் பெட்டியின் வயதுக்கு ஏற்பக் கழித்துக்கொண்டு தருவார்கள். சக்கரம் உட்காரும் குழி ஓட்டோடு வார்த்தது, மாற்ற முடியாது என்று பழுது பார்க்கும் கடையில் எழுதி வாங்கி அனுப்பினேன். வாங்கிய ரசீது பழைய மின்னஞ்சலில் கிடைத்தது. மூன்று வருடப் பெட்டி, ஏழு வாரம் இழுத்து விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. உடைந்த பெட்டியை அதுவரை தூக்கிப் போடவில்லை, ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கோட்டின் கதை வேறு. கை முழுக்க கிரீஸ் கறை, தோள்பட்டை வரை கிழிசல். பெட்டியை அங்கேயே திறந்து பார்த்து அறிக்கையும் வாங்கியிருந்தால் அதுவும் அதில் ஏறியிருக்கும். நான் சனிக்கிழமை அனுப்பிய மின்னஞ்சலிலும் பெட்டியைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தேன், கோட்டைக் குறிப்பிட்டது பத்தாவது நாள். 7 நாள் முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியில் அவர்கள் சொன்னது சரிதான்.