லாங் கால் ஆப்ஷனை ரோல் அப் செய்வது: கைக்கு வருவதும் விட்டுக்கொடுப்பதும்

லாபத்தில் இருக்கும் காலை விற்று, அதே எக்ஸ்பைரியில் மேல் ஸ்ட்ரைக் காலை வாங்குவதுதான் ரோல் அப். மாதாந்திர நிஃப்டி ஆப்ஷனில் இந்த முறையை நீண்ட காலமாகப் பயன்படுத்தியதில் தெரிந்தது ஒன்று: ரோல் அப் செய்தால் லாபம் கைக்கு வரும், ஆனால் இலவசமாக வராது. அந்த விலையைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஆர்டர் போட வேண்டும்.

நிஃப்டி 24,000-ல் இருக்கும்போது 24,000 ஸ்ட்ரைக் காலை 340-க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் நிஃப்டி 24,600. எக்ஸ்பைரிக்கு 18 நாள் இருக்கிறது. தோராயமாக, பழைய கால் 720-க்குப் போகும், 24,600 கால் 300-க்குக் கிடைக்கும். பழையதை விற்றுப் புதியதை வாங்கினால் 420 கைக்கு வருகிறது. போட்ட 340-ஐக் கழித்தால் 80 லாபம் உறுதி. அதற்கு மேல், புதிய கால் கையில் இருக்கிறது. இனி என்ன ஆனாலும் இந்த டிரேடில் நஷ்டம் இல்லை.

இதுவரை எல்லாரும் சொல்வது. பலர் பார்க்கத் தவறுவது இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் இடையிலுள்ள 600-ஐ. நிஃப்டி இன்னும் ஏறினால், எக்ஸ்பைரியில் பழைய கால் புதியதைவிட 600 அதிகம் தரும். நாம் வாங்கிக்கொண்டது 420 மட்டுமே. மீதி 180தான் இந்தப் பாதுகாப்புக்குக் கொடுத்த விலை. எக்ஸ்பைரியில் நிஃப்டி 24,420-க்குக் கீழே முடிந்தால்தான் ரோல் செய்தது மேல். அதற்கு மேல் முடிந்தால் பழையதை வைத்திருந்ததே மேல். சந்தை 24,600-லேயே படுத்துக்கொண்டாலும் 180 போய்விடும். புதிய காலின் 300 முழுவதும் டைம் வேல்யூ, பழையதில் அது 120தான்.

எந்த ஸ்ட்ரைக்குக்குப் போவது என்பதையும் இதே கணக்கு சொல்லும். 24,400 கால் 420 என்றால் கைக்கு 300 வரும், விட்டுக்கொடுப்பது 100. போட்ட பணம் முழுதாகத் திரும்பாது, ஆனால் டெல்டா நன்றாக இருக்கும். 25,000 கால் 130 என்றால் 590 வரும், விட்டுக்கொடுப்பது 410. டெல்டா 0.3 அளவுக்கு இறங்கிவிடும். அதை டிரேடில் இருப்பது என்று சொல்ல முடியாது, லாட்டரிச் சீட்டு.

ஆர்டரில் கவனம் தேவைப்படுவது பழைய கால்தான். பணத்துக்குள் ஆழமாகப் போன ஸ்ட்ரைக்கில் பிட், ஆஸ்க் இடைவெளி அகலமாகிவிடும். பிட் 708, ஆஸ்க் 732 என்று நிற்கும்போது மார்க்கெட் ஆர்டர் போட்டால் 12 புள்ளி சும்மா போகும். 720-ல் லிமிட் போட்டு, ஆள் வராவிட்டால் ஓரிரு புள்ளியாக இறக்கலாம். அது விற்ற உடனே புதியதை வாங்கிவிட வேண்டும்; இடையில் சந்தை துள்ளினால் கையில் ஒன்றும் இருக்காது. விற்கும் லாட் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதும் முக்கியம். ஒன்று கூடினாலும் அது நேக்கட் ஷார்ட், மார்ஜின் கேட்கும்.

ஏற்றம் 200 புள்ளிக்கு ஒருமுறை ரோல் செய்வதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்க இடைவெளியும் எஸ்டிடி வரியும் டைம் வேல்யூவும் சேர்ந்து தின்னும். எக்ஸ்பைரிக்கு ஐந்தாறு நாளே இருந்தால் அதே மாத ஸ்ட்ரைக்குக்கு ரோல் செய்வதைவிட, விற்றுவிட்டு வெளியேறுவதே மேல்.