கடிகாரத்தைத் திருப்பும் லண்டன், திருப்பாத திருநெல்வேலி

பிள்ளைகள் லண்டனில் இருக்கும் பாளையங்கோட்டைக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன கணக்கு. மார்ச் கடைசி ஞாயிறு வந்தால் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், ஐந்தரை மணி நேர வித்தியாசம் நாலரையாகும், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே திருப்பும், மறுபடியும் ஐந்தரை. நாம் இங்கே கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. யார் செய்வது சரி என்றால், அவரவர் ஊருக்கு அவரவர் செய்வதுதான் சரி.

லண்டனை முதலில் பாருங்கள். கடிகாரத்தைத் திருப்பாமல் விட்டால் ஜூன் கடைசியில் அங்கே சூரியன் 3:43-க்கே உதித்துவிடும். ஊர் எழுவது ஆறரை, ஏழுக்கு. அதாவது மூன்று மணி நேர வெளிச்சம் மூடிய திரைச்சீலைக்கு வெளியே வீணாகக் கிடக்கிறது, அதில் ஒரு மணியை எடுத்து சாயங்காலத்தில் சேர்த்தால் காலையில் யாருக்கும் நஷ்டமில்லை, பொழுது சாய்வதோ 8:21-லிருந்து 9:21-க்குப் போகிறது. டிசம்பரில் அங்கே பகலே எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, விடிவதே எட்டு மணிக்கு. எடுக்க ஒன்றும் இல்லாததால் பழைய நேரத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

சரி, நம்ம ஊர்? ஜூனில் பகல் சுமார் 12 மணி 38 நிமிடம், டிசம்பரில் 11 மணி 37 நிமிடம். வருஷம் முழுக்க வித்தியாசம் அவ்வளவுதான், ஒரே ஒரு மணி நேரம். பூமியின் சாய்வு அதே 23½ பாகைதான், ஆனால் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டே முக்கால் பாகையில், லண்டன் இருப்பது ஐம்பத்தொன்றரையில். ஜூனில் நமக்கு விடிவது ஆறு மணி வாக்கில், அப்போது டீக்கடையில் இரண்டாவது பால் காய்ந்துகொண்டிருக்கும், முதல் பஸ்கள் போயிருக்கும். தூங்கும் ஊரிடமிருந்து எடுக்கலாம், எழுந்துவிட்ட ஊரிடமிருந்து எதை எடுப்பது? ஒரு மணி தள்ளினால் விடியல் ஏழு மணியாகும், அவ்வளவுதான் கிடைக்கும்.

இதைப் பக்கத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். மின் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. கொழும்பில் விடிவதே ஏழு மணியை ஒட்டி என்றாகிவிட்டது. சாயங்காலம் மிச்சமான விளக்கு காலையில் எரிய வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரிலேயே அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி நீடித்தது, அப்படியும் ஜனவரியில் விடிய ஏழாகும், ஏழரை மணிப் பள்ளிக்குப் பிள்ளைகள் இருட்டில் கிளம்ப வேண்டும். 2006 ஏப்ரலில் அதையும் விட்டுவிட்டு நம் நேரத்துக்கே வந்துவிட்டார்கள்.

இந்தியா முழுவதற்கும் கடிகாரத்தை அரை மணி தள்ளலாம் என்று அவ்வப்போது ஒரு யோசனை வருகிறது. அசாமுக்கு அது நல்லது, ஏனென்றால் அங்கே பிரச்சினை கிழக்கே தூரமாக இருப்பதால் சீக்கிரமே விடிந்துவிடுவது. நமக்கு ஜனவரி கடைசியில் இப்போதே விடிய 6:40 ஆகிறது, அது 7:10 ஆகும். இந்த ஊருக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன்.