தாயத்தைத் திருப்ப இரண்டு வழிகள்

வெள்ளவத்தையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் எண்களை நிரை நிரலாக அடுக்கிய தாயத்தைத் திருப்பும் கணக்கைக் கொடுத்தால், பெரும்பாலோர் புதிய தாயம் ஒன்றைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அது நல்ல தொடக்கம். சதுரத் தாயத்தை வலஞ்சுழியாக 90 பாகை திருப்பும்போது முதல் நிரை கடைசி நிரலாகிறது. ஆகவே மூலம் a, புதியது b, பக்க அளவு n என்றால், நிரை i, நிரல் j இரண்டையும் 0 இலிருந்து எண்ணும் சுற்றுகளுக்குள் ஒரே வரி போதும்:

```
b[j][n-1-i] = a[i][j]
```

மூலம் அப்படியே இருப்பதால் விடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் இன்னொரு முழுத் தாயத்துக்கு இடம் வேண்டும். 1000×1000 அளவில், எண்ணுக்கு 4 பைட் என்றால், 4 மெகாபைட்.

இடம் கேட்காத வழி, மூலைவிட்டத்தின் இருபுறமும் உள்ள எண்களை இடம் மாற்றிவிட்டு, ஒவ்வொரு நிரையையும் பின்முன்னாக்குவது.

```
1 2 3    1 4 7    7 4 1
4 5 6 →  2 5 8 →  8 5 2
7 8 9    3 6 9    9 6 3
```

போன வாரம் ஒரு மாணவிக்கு முதல் நிரையில் `3 2 1` வந்தது. பார்த்தவுடனே காரணம் தெரிந்தது: உள் சுற்றை `j = 0` இலிருந்து தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு சோடியும் இரண்டு முறை மாறிப் பழைய இடத்துக்கே திரும்பிவிட, பின்முன்னாக்கல் மட்டுமே எஞ்சியது. `j = i+1` என்று திருத்தியதும் சரியாகிவிட்டது.

இரண்டுக்கும் ஆகும் நேரம் n² அளவுதான். மூலம் பிறகும் தேவையென்றால் முதல் வழியை எடுப்பேன். பெரிய சதுரப் படத்தைத் திருப்ப இரண்டாவதையே எடுப்பேன். சதுரமில்லாத தாயத்துக்கு இந்த இரண்டாவது வழி பொருந்தாது, ஏனெனில் அதன் வடிவமே மாறிவிடுகிறது.